கணக்கு முடக்கப்பட்டால் எழுத வேண்டிய கடிதம்

நம் காந்தலில் பல வீடுகளில் பெண்கள் வர்க்கியும் சாக்லேட்டும் செய்து, செல்போன் வழியாகவே விற்று வருகிறார்கள். கடை வாடகை இல்லாத வியாபாரம்; ஆனால் அந்தக் கணக்கு ஒரு நாள் முடங்கினால் கடையே பூட்டியது போலத்தான். வாங்கிய முன்பணம் அமானிதமாகக் கையில் இருக்கும், கொடுத்தவரின் முகவரியோ முடங்கிய கணக்குக்குள் இருக்கும்.

இப்படிப்பட்ட ஒரு வழக்கு 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வரை போனது. மருத்துவமனை நடத்தும் ஒருவர், நோயாளிகளோடு தொடர்பு கொள்ளப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திய வாட்ஸ்அப் கணக்கு காரணம் சொல்லாமல் முடக்கப்பட்டது என்று மனுச் செய்தார். வாட்ஸ்அப் தனியார் நிறுவனம், அதைப் பயன்படுத்துவது அடிப்படை உரிமையா என்று நீதிபதிகள் கேட்டார்கள். நம் நாட்டின் 'அரட்டை' செயலியைப் பயன்படுத்தலாமே என்றும் சொன்னார்கள். மனு திரும்பப் பெறப்பட்டது. ஆகவே நேரே பெரிய நீதிமன்றம் போவதை விட, 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் காட்டும் வழியே நமக்கு ஏற்றது. அந்த வழி ஒரு கடிதத்தில் தொடங்குகிறது.

முதலில் செயலியிலேயே தெரியும் மறுபரிசீலனைப் பொத்தானை அழுத்த வேண்டும். இன்ஸ்டாகிராம் இதற்கு 180 நாள் தருகிறது. ஆனாலும் அன்றே செய்வது நல்லது. அதில் பலன் இல்லையென்றால், அந்த நிறுவனத்தின் இந்தியக் குறைதீர் அலுவலருக்கு எழுத வேண்டும். அவருடைய விவரம் செயலியின் உதவிப் பக்கத்தில் இருக்கும். புகார் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும், 15 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று 2021 விதிகள் வகுத்தன.

கடிதத்தைப் படிப்பவருக்கு நம்மைத் தெரியாது. ஆகவே கோபத்தையும் குடும்பக் கஷ்டத்தையும் முன்னால் வைத்தால், அவர் தேடும் விவரம் பின்னால் போய்விடும். நம் வீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. தொழில் தாயின் பெயரில் இருக்கும். கணக்கு கல்லூரியில் படிக்கும் மகனின் எண்ணிலும் மெயிலிலும் திறந்திருக்கும். ஆவணத்தில் ஒரு பெயர், கணக்கில் ஒரு பெயர் என்றால் ஆள்மாறாட்டம் என்றே தோன்றும். அதை மறைக்காமல் கடிதத்திலேயே சொல்லிவிட வேண்டும். எடுத்துக்காட்டாக இப்படி எழுதலாம்:

"ஐயா / அம்மையீர்,
மேலே குறித்த கணக்கு என் வீட்டுச் சாக்லேட் தொழிலுக்கானது. மார்ச் 3 அன்று இரவு 9.40 மணிக்கு முடக்கப்பட்டது. திரையில் வந்த அறிவிப்பின் படத்தை இணைத்துள்ளேன். அதில் ஆள்மாறாட்டம் என்று மட்டும் உள்ளது. எந்தப் பதிவு என்று குறிப்பிடவில்லை.
தொழில் என் பெயரில் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யப்பட்டது; சான்றிதழ் இணைப்பில் உள்ளது. கணக்கை என் மகன் தன் செல்போன் எண்ணில் திறந்து, என் சார்பில் நடத்துகிறான். கணக்கின் பெயரும் சான்றிதழில் உள்ள தொழிலின் பெயரும் ஒன்றே. வேறு எவருடைய பெயரையும் படத்தையும் பயன்படுத்தவில்லை.
மார்ச் 4 அன்று செயலியில் மறுபரிசீலனை கேட்டேன். 6-ஆம் தேதி நிராகரிக்கப்பட்டது. இந்த முடிவை ஓர் அலுவலர் நேரில் ஆய்வு செய்து, கணக்கைத் திரும்பத் தர வேண்டுகிறேன். இயலாதெனில், மீறப்பட்ட விதியையும் அதற்குரிய பதிவையும் எழுத்தில் தெரிவிக்கவும்."

கடைசி வரியை விட்டுவிடக் கூடாது. காரணம் எழுத்தில் வந்தால்தான் அடுத்த படியில் அதற்குப் பதில் சொல்ல முடியும். அனுப்பும்போது எளிய ஆங்கிலத்தில் மாற்றி அனுப்புங்கள். பள்ளியில் படிக்கும் பிள்ளைகளே செய்து தருவார்கள்.

உண்மையில் தவறு நம் பக்கம் இருந்தால் அதற்கும் கடிதத்தில் இடம் உண்டு. சீசனில் எண் கொடுத்துப் போன சுற்றுலாப் பயணிகள் எல்லோருக்கும் ஒரே விளம்பரத்தை அனுப்பினால், பலர் புகார் அழுத்துவார்கள். வாட்ஸ்அப் கணக்குகள் இப்படித்தான் அடிக்கடி முடங்குகின்றன. அனுப்பவே இல்லை என்று எழுதினால் பயனில்லை, அவர்களிடம் பதிவு இருக்கும். நிறுத்திவிட்டோம் என்று எழுதலாம்.

பதில் வரும் வரை அதே பெயரில் புதுக் கணக்கு திறக்காதீர்கள். தடையை ஏமாற்றியதாகக் கருதி அதையும் முடக்குவார்கள். பணம் கொடுத்தால் மீட்டுத் தருகிறேன் என்று வருபவரிடம் ஓடிபி எண்ணைச் சொல்லவே கூடாது.

குறைதீர் அலுவலரின் பதில் திருப்தி இல்லையென்றால், அது கிடைத்த 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் போகலாம். 2023 மார்ச் முதல் செயல்படும் இந்தக் குழுவுக்கு gac.gov.in என்ற தளத்தில் விண்ணப்பிக்கலாம். சென்னைக்கோ டெல்லிக்கோ போக வேண்டியதில்லை. கடிதத்தின் நகல், ஒப்புகை, பதில் மூன்றையும் அங்கே இணைக்க வேண்டியிருக்கும் என்பதால், முதல் நாளிலிருந்தே வரும் ஒவ்வொரு அறிவிப்பையும் படம் எடுத்து, முடங்கிய கணக்கோடு சம்பந்தமில்லாத வேறொரு மெயிலில் சேர்த்து வையுங்கள்.