4 மில்லிமீட்டர் புள்ளியை நம்பி மண்டையைத் திறக்கலாமா?

36 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். விளக்கத்துக்காக நாம் உருவாக்கிய நோயாளிதான். ஆனால் அவர் படும் பாடு ஹார்மோன் மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. ஒன்றரை ஆண்டுக்குள் முகம் உருண்டு, வயிறு பெருத்து, கைகால்கள் மெலிந்துவிட்டன. வயிற்றில் விரல் அகலத்துக்கு ஊதா நிறக் கோடுகள். தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியவில்லை. ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ அவர் எடுத்ததில்லை. சிறுநீர், எச்சில், ரத்தம் என மூன்றிலும் சோதித்து, உடலில் கார்டிசால் மிகுந்திருப்பதை உறுதிசெய்துவிட்டார்கள். இதற்கு குஷிங் நோய்க்குறி என்று பெயர்.

கார்டிசாலைச் சுரப்பது சிறுநீரகங்களின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பிகள். அவற்றுக்குக் கட்டளையிடும் ஹார்மோன் ஏசிடிஎச். அட்ரீனலே தன்னிச்சையாகச் சுரந்தால் ரத்தத்தில் ஏசிடிஎச் அடியோடு குறைந்துவிடும். இவருக்கோ அது ஒரு மில்லிலிட்டருக்கு 40 பிக்கோகிராம் இருந்தது. இது 20-ஐத் தாண்டினாலே, கட்டளை வெளியிலிருந்து வருகிறது என்று பொருள். அனுப்புவது யார்? பெரும்பாலும் மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் முளைத்த சிறு கட்டி. சிலருக்கு நுரையீரல், கணையம், தைமஸ் போன்ற இடங்களில் ஒளிந்திருக்கும் கட்டி. முதலாவது என்றால் மூக்கு வழியாகப் பிட்யூட்டரி அறுவை சிகிச்சை. இரண்டாவது என்றால் அந்த அறுவை சிகிச்சையே வீண்.

எம்ஆர்ஐ எடுத்தார்கள். பிட்யூட்டரியின் இடப்பக்கத்தில் 4 மி.மீ. அளவில் ஒரு புள்ளி. விடை கிடைத்துவிட்டது என்று குடும்பத்தினர் நினைப்பது இயல்புதான். ஆனால் எந்த நோயும் இல்லாதவர்களை எம்ஆர்ஐயில் படுக்க வைத்தாலும் ஏறத்தாழ 10 பேரில் ஒருவருக்கு பிட்யூட்டரியில் இப்படி ஏதாவது தெரியும். மறுபுறம், ஏசிடிஎச் சுரக்கும் கட்டி எம்ஆர்ஐயில் தெரியாமலே போவதும் உண்டு. கட்டி 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் நேராக அறுவை சிகிச்சைக்குப் போகலாம். 6 மி.மீட்டருக்குக் குறைவாக இருந்தால் அதை நம்பி மண்டையைத் திறக்கக் கூடாது.

முன்பெல்லாம் இந்தக் கட்டத்தில் டெக்ஸாமெதசோன் சோதனையைத்தான் நம்பினார்கள். இரவில் 8 மில்லிகிராம் மாத்திரை கொடுத்து, மறுநாள் காலை கார்டிசால் பாதிக்கும் கீழே இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். பிட்யூட்டரிக் கட்டி இந்த அதட்டலுக்கு ஓரளவு பணியும், மற்ற இடத்துக் கட்டி பணியாது என்பது கணக்கு. ஆனால் நுரையீரலில் வரும் கார்சினாய்டு என்ற சிறு கட்டிகளில் சிலவும் பணிந்துவிடுகின்றன. பணியாத பிட்யூட்டரிக் கட்டிகளும் உண்டு. இன்னொரு சங்கடமும் இருக்கிறது. இந்த வகை நோயாளிகளில் 10 பேரில் 8 பேருக்குக் காரணம் பிட்யூட்டரிதான். ஆகவே சோதனையே செய்யாமல் எல்லோருக்கும் 'பிட்யூட்டரி' என்று சொன்னாலும் 10-க்கு 8 சரியாக இருக்கும். அதைவிடத் தெளிவாக எதையும் சொல்லாத சோதனையால் அறுவை சிகிச்சையை முடிவுசெய்ய முடியாது.

அதனால்தான் ஏசிடிஎச் எங்கே பிறக்கிறது என்பதை ரத்தநாளத்துக்குள்ளேயே போய்ப் பார்க்கிறார்கள். ஆற்றில் சாயக்கழிவு எங்கே கலக்கிறது என்று அறிய, சந்தேகப்படும் ஆலையை ஒட்டியும் தள்ளியும் தண்ணீர் எடுத்துப் பார்ப்பது போலத்தான் இது. பிட்யூட்டரியிலிருந்து வடியும் ரத்தம் இருபுறமும் இன்ஃபீரியர் பெட்ரோசல் சைனஸ் என்ற குறுகிய சிரைகளில் இறங்கிக் கழுத்துச் சிரையில் சேர்கிறது. அங்கிருந்தும், கை அல்லது தொடைச் சிரையிலிருந்தும் ஒரே நேரத்தில் ரத்தம் எடுத்து ஒப்பிட்டால் உண்மை தெரிந்துவிடும்.

நோயாளி விழித்திருக்கும்போதே இடுப்பின் இருபக்கமும் மரத்துப்போகும் ஊசி போட்டு, இரண்டு மெல்லிய குழாய்களைத் தொடைச் சிரை வழியே செலுத்துகிறார்கள். அவை இதயத்தின் வலது மேலறையைக் கடந்து, கழுத்துச் சிரையில் ஏறி, அந்தக் குறுகிய நாளங்களுக்குள் நுழைகின்றன. ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் தருவார்கள். குழாயின் நுனி சரியான இடத்தில் இருக்கிறதா என்று சாய மருந்து செலுத்தி எக்ஸ்ரே திரையில் பார்ப்பார்கள். ஏசிடிஎச் விட்டுவிட்டுச் சுரப்பதால் மூன்று இடங்களிலும் ஒரே நேரத்தில் ரத்தம் எடுக்க வேண்டும். பிறகு சிஆர்எச் அல்லது டெஸ்மோபிரசின் ஊசி போட்டு, 3, 5, 10-ஆவது நிமிடங்களில் மறுபடி எடுப்பார்கள். கட்டியை உசுப்பிவிடுவதற்கே இந்த ஊசி. எடுத்த குழல்களை உடனே பனிக்கட்டியில் வைக்க வேண்டும், வெளியே கிடந்தால் ஏசிடிஎச் சிதைந்துவிடும். எந்தக் குழல் எந்தப் பக்கத்தது என்ற குறிப்பு மாறினால் மொத்த உழைப்பும் பாழ்.

மேலே எடுத்ததில் உள்ள ஏசிடிஎச், கீழே எடுத்ததைவிட ஊசிக்கு முன் 2 மடங்கோ, ஊசிக்குப் பின் 3 மடங்கோ இருந்தால் காரணம் பிட்யூட்டரி. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவன மருத்துவர்கள் 281 நோயாளிகளின் முடிவுகளை 1991-இல் வெளியிட்டு இந்த அளவுகோலை நிலைநிறுத்தினார்கள். கட்டி வேறெங்கோ இருந்தால், மிகுந்த கார்டிசால் இயல்பான பிட்யூட்டரியை அமுக்கி உறங்க வைத்திருக்கும், அதனால் மேலும் கீழும் அளவு ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்.

இதனால் ஒரு நிபந்தனை வருகிறது. சோதனை நடக்கும் நாளில் கார்டிசால் மிகுந்தே இருக்க வேண்டும். கார்டிசாலைக் குறைக்கும் மாத்திரை சாப்பிட்டிருந்தாலோ, நோய் வந்து வந்து போகும் வகையாக இருந்து அது அடங்கிய வாரமாக அமைந்தாலோ, உறங்கிய பிட்யூட்டரி விழித்துவிடும். அப்போது கட்டி நுரையீரலில் இருந்தாலும் முடிவு பிட்யூட்டரியையே கைகாட்டும். குஷிங் இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க இந்தச் சோதனையைப் பயன்படுத்தக் கூடாது என்பதற்கும் காரணம் இதுதான். ஆரோக்கியமானவருக்குச் செய்தாலும் பிட்யூட்டரி என்றே வரும்.

நம் நோயாளிக்கு ஊசிக்கு முன் இடப்பக்கம் 60, வலப்பக்கம் 46, தொடைச் சிரையில் 40. அதாவது ஒன்றரை மடங்குதான். ஊசிக்குப் பின் இடப்பக்கம் 110, தொடைச் சிரையில் 44. இரண்டரை மடங்கு. இரண்டு எல்லைகளையும் தொடவில்லை. இதை மட்டும் பார்த்தால் கட்டி பிட்யூட்டரியில் இல்லை என்று அறிக்கை எழுதிவிடலாம். அப்படியானால் அடுத்து நெஞ்சிலும் வயிற்றிலும் நுணுக்கமான சி.டி. ஸ்கேன், தேவைப்பட்டால் காலியம்-68 பெட் ஸ்கேன் என்று வேட்டை தொடங்கியிருக்கும்.

அதற்கு முன் அதே ரத்தத்தில் புரோலாக்டினையும் அளந்தார்கள். அதுவும் பிட்யூட்டரி சுரப்பதுதான், ஆகவே குழாய் சரியான இடத்தில் இருந்தால் மேலே அது குறைந்தது 1.8 மடங்காக இருக்க வேண்டும். இவருக்கு இடப்பக்கம் 12, தொடைச் சிரையில் 10. வெறும் 1.2 மடங்கு. குழாய் பிட்யூட்டரியின் ரத்தத்தைச் சரியாகப் பிடிக்கவில்லை, அல்லது அந்தச் சிரை பிறவியிலேயே சிறுத்திருக்கிறது. ஏசிடிஎச் விகிதமான 2.5-ஐப் புரோலாக்டின் விகிதமான 1.2-ஆல் வகுத்தால் 2.1 வருகிறது. இது 1.3-க்கு மேல் இருந்தால் பிட்யூட்டரி, 0.7-க்குக் கீழே இருந்தால் வேறிடம், நடுவில் இருந்தால் தீர்மானிக்க முடியாது. ஆக, இவருக்குக் காரணம் பிட்யூட்டரிதான்.

இடப்பக்கம் அதிகம் என்பதால் கட்டியும் இடப்பக்கமே என்று முடிவு கட்டிவிட முடியாது. இருபக்கச் சிரைகளும் பலருக்குச் சமமாக அமைவதில்லை, பக்கம் சொல்வதில் இந்தச் சோதனை பலமுறை தவறியிருக்கிறது. ஆபத்துகளும் உண்டு. இடுப்பில் ரத்தக்கட்டு, சற்று நேரம் காதுவலி அல்லது தலைவலி என்பவை சாதாரணம். மூளைத்தண்டில் பாதிப்பு மிக அரிது, ஆனால் நடந்திருக்கிறது. ஆகவே இதில் நிறையப் பழகிய கைகளிடம் போவதே நல்லது.

அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டியில் ஏசிடிஎச் இருப்பதை நோயியல் ஆய்வு காட்டியது. அடுத்த சில நாட்களில் கார்டிசால் மிகவும் தாழ்ந்தது. அவருக்கு ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை கொடுக்க வேண்டியதாயிற்று. கட்டி இருந்தவரை உறங்கிய இயல்பான செல்கள் விழித்துக்கொள்ளப் பல மாதங்கள் ஆகும். இந்தத் தாழ்வுதான் கட்டி முழுவதும் போய்விட்டது என்பதற்கு நல்ல அறிகுறி.