மூன்று சட்டத்தில் ஒன்பது, நான்கில் பத்து

கணினிப் பொறியியல் படிக்கும் பிள்ளைகளின் ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் வினாத்தாளில் ஒரு பெரிய கேள்வி ஏறக்குறைய நிச்சயம். சின்ன அட்டவணை ஒன்று கொடுப்பார்கள். நான்கு வேலைகள், ஒவ்வொன்றும் எப்போது வந்தது, எவ்வளவு நேரம் பிராசஸர் தேவை என்று அதில் இருக்கும். எந்த வேலை எப்போது ஓடும் என்று கோடு போட்டுக் காட்டி, சராசரிக் காத்திருப்பு நேரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கூட்டல் கழித்தலைத் தாண்டி இதில் கணக்கே இல்லை. ஆனாலும் மதிப்பெண் கொட்டிப்போகும் இடம் இது. காரணம் தெரிந்துகொள்ள ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம்.

ஒரு பிராசஸர், நான்கு வேலைகள். நேரமெல்லாம் மில்லிசெகண்டில்.

```
வேலை   வந்த நேரம்   நீளம்
பி1         0         5
பி2         1         3
பி3         2         1
பி4         4         2
```

முதலில் வந்தவருக்கு முதலில் என்பது எளிய விதி. பி1 ஐந்து வரை ஓடும், பி2 எட்டு வரை, பி3 ஒன்பது வரை, பி4 பதினொன்று வரை. ஒரு வேலை முடிந்த நேரத்திலிருந்து வந்த நேரத்தையும் அதன் நீளத்தையும் கழித்தால் காத்திருந்த நேரம் கிடைக்கும். வரிசைப்படி 0, 4, 6, 5. கூட்டினால் 15, சராசரி 3.75. ஒரே ஒரு மில்லிசெகண்ட் வேலையோடு வந்த பி3 ஆறு மில்லிசெகண்ட் நின்றிருக்கிறது. முன்னால் நிற்கும் நீளமான வேலைக்குப் பின்னால் சின்ன வேலைகள் மாட்டிக்கொள்வதுதான் இந்த விதியின் நோய்.

அதற்கு மருந்து, குட்டி வேலையை முதலில் முடிப்பது. அதையும் இன்னும் கறாராகச் செய்யலாம். புதிய வேலை வரும் ஒவ்வொரு கணமும், யாருக்கு மிச்சம் குறைவோ அவருக்கே பிராசஸரைக் கொடுத்துவிட வேண்டும், ஓடிக்கொண்டிருப்பவரை எழுப்பியாவது. நம் அட்டவணையில் நேரம் 1-ல் பி2 வருகிறது. பி1-க்கு மிச்சம் 4, பி2-க்கு 3. பி1 இறங்க வேண்டியதுதான். நேரம் 2-ல் பி3 வருகிறது, அதற்கு வேண்டியது 1, பி2-க்கு மிச்சம் 2. இப்போது பி2 இறங்குகிறது. நேரம் 4-ல் பி4 வரும்போது பி2-க்கு மிச்சம் 1, பி4-க்கு 2. ஆகவே பி2 தொடர்கிறது.

```
| பி1 | பி2 | பி3 | பி2 | பி4 | பி1 |
0     1     2     3     5     7    11
```

காத்திருப்பு 6, 1, 0, 1. சராசரி 2. இதைவிடக் குறைக்க எந்த விதியாலும் முடியாது. அப்படியானால் எல்லாக் கணினியும் இதையே செய்ய வேண்டியதுதானே? சிக்கல் என்னவென்றால், கேள்வித்தாளில் நீளத்தை அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். நிஜத்தில் ஒரு வேலை எவ்வளவு நேரம் ஓடும் என்று அது ஓடி முடியும் வரை யாருக்கும் தெரியாது. முந்தைய ஓட்டங்களைப் பார்த்து ஊகிக்கலாம். போன முறை 6 என்று ஊகித்தோம், உண்மையில் 4 ஆனது, அடுத்ததற்கு இரண்டுக்கும் நடுவே 5 என்று வைத்துக்கொள்வோம் என்கிற மாதிரி. ஊகம் ஊகம்தான். தவிர, குட்டி வேலைகள் வந்துகொண்டே இருந்தால் பெரிய வேலைக்கு விடிவே இல்லை.

ஆகையால் முறைவைத்துக் கொடுக்கும் ரவுண்ட் ராபின். ஒவ்வொருவருக்கும் ஒரே அளவு துண்டு நேரம், இங்கே 2 மில்லிசெகண்ட் என்று கொள்வோம். துண்டு தீர்ந்தால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். படிக்க இவ்வளவு எளிதாக இருக்கும் இந்த விதியில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். பி1, பி2, பி3, பி4, மறுபடி பி1 என்று எண் வரிசைப்படி சுற்றி வந்துவிடுகிறார்கள். அப்படிப் போட்டால் சராசரி 3.75 வரும். பார்க்க நம்பத்தகுந்த விடை, ஆனால் தப்பு. அந்தச் சுற்றில் பி4 நேரம் 5-லேயே ஏறிவிடுகிறது. பி1 நேரம் 2-லிருந்து வரிசையில் நிற்கிறது, பி4 வந்ததே நேரம் 4-ல். பின்னால் வந்தவர் முன்னால் நின்றவரைத் தாண்டிவிட்டார்.

இதைத் தவிர்க்க வழி, கோட்டுக்குக் கீழே ஒவ்வொரு திருப்பத்திலும் வரிசையை எழுதிக்கொண்டே வருவது. நேரம் 2-ல் பி1-இன் துண்டு தீர்கிறது. வரிசையில் பி2 நிற்கிறது. அதே கணத்தில் பி3-உம் வருகிறது. புதிதாக வந்த பி3 முன்னாலா, இறக்கிவிடப்பட்ட பி1 முன்னாலா? புதியவருக்கு முன்னிடம் என்று கொண்டால் வரிசை பி2, பி3, பி1. பி2 நேரம் 4 வரை ஓடுகிறது. அங்கேயும் இதே நிலைமை, பி4 அப்போதுதான் வருகிறது. வரிசை பி3, பி1, பி4, பி2 என்றாகிறது.

```
| பி1 | பி2 | பி3 | பி1 | பி4 | பி2 | பி1 |
0     2     4     5     7     9    10    11
```

காத்திருப்பு 6, 6, 2, 3. சராசரி 4.25. இறக்கிவிடப்பட்டவருக்கு முன்னிடம் என்று மாற்றிப் போட்டால் காத்திருப்பு 6, 4, 4, 4 என்றாகி, சராசரி 4.5 வரும். இரண்டும் சரியான விடைகளே. எந்த வழக்கத்தைப் பின்பற்றினோம் என்று ஒரு வரி மேலே எழுதிவிட்டால் திருத்துபவருக்குக் குழப்பம் இல்லை. எழுதாமல் விட்டால், அவர் கையில் இருக்கும் விடைக்குறிப்பில் என்ன இருக்கிறதோ அதுதான் உங்கள் தலையெழுத்து.

4.25 என்பது முதலில் வந்தவருக்கு முதலில் என்ற விதி தந்த 3.75-ஐவிட மோசம்தானே என்று கேட்கலாம். முழுக் காத்திருப்பைப் பார்த்தால் மோசம்தான். ஆனால் வந்ததிலிருந்து முதன்முதலாகப் பிராசஸரைத் தொட எவ்வளவு நேரமானது என்று பாருங்கள். இதில் 0, 1, 2, 3, சராசரி 1.5. அங்கே அதுவும் 3.75. விசையை அழுத்தியதும் திரையில் ஏதாவது அசைய வேண்டும் என்று எதிர்பார்க்கும் நமக்கு இந்த இரண்டாவது எண்தான் முக்கியம்.

நினைவகத்துக்கு வருவோம். ஒரு நிரலின் தரவுகளைச் சம அளவுப் பக்கங்களாக வெட்டி வைப்பார்கள். பல கணினிகளில் ஒரு பக்கம் 4 கிலோபைட். நினைவகத்தில் அவற்றை வைக்கும் இடங்களுக்குச் சட்டங்கள் என்று பெயர் கொடுப்போம். கேட்ட பக்கம் நினைவகத்தில் இல்லையென்றால் வட்டிலிருந்து எடுத்து வர வேண்டும். இதற்குப் பேஜ் ஃபால்ட் என்று பெயர். சட்டங்கள் நிரம்பிவிட்டால் எதையாவது வெளியேற்ற வேண்டும். எதை என்பதுதான் கேள்வி.

ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த லாஸ்லோ பெலாடி, 1969-ல் இரண்டு சகாக்களோடு வெளியிட்ட கட்டுரை ஒன்று இங்கே நினைவுகூரத்தக்கது. முதலில் வந்த பக்கத்தை முதலில் வெளியேற்றும் ஃபிஃபோ விதியில், நினைவகத்தைக் கூட்டினால் ஃபால்ட்டும் கூடக்கூடும் என்று அது காட்டியது. நம்பச் சிரமமான இந்தச் செய்தியைப் பன்னிரண்டே கோரிக்கைகளில் கையால் சரிபார்த்துவிடலாம். பாடப்புத்தகங்களில் இன்றும் வலம்வரும் வரிசை இது:

```
1 2 3 4 1 2 5 1 2 3 4 5
```

மூன்று சட்டங்கள். 1, 2, 3 வரும்போது மூன்று ஃபால்ட். 4 வந்ததும் 1 வெளியே, 1 வந்ததும் 2 வெளியே, 2 வந்ததும் 3 வெளியே, 5 வந்ததும் 4 வெளியே. ஏழு கோரிக்கைகள், ஏழு ஃபால்ட். அடுத்து வரும் 1-உம் 2-உம் உள்ளேயே இருக்கின்றன. 3-க்கும் 4-க்கும் மறுபடி ஃபால்ட், 5 இருக்கிறது. மொத்தம் 9.

இப்போது நான்கு சட்டங்கள். முதல் நான்கு ஃபால்ட் ஆனபின் 1, 2 இரண்டும் உள்ளேயே கிடைக்கின்றன. இதுவரை நாலுதான், நன்றாகவே போகிறது. ஏழாவதாக 5 வருகிறது. மிகப் பழையது 1, அதை வெளியேற்றுகிறோம். எட்டாவதாகக் கேட்கப்படுவது அதே 1. அதற்காக 2-ஐ வெளியேற்றினால் ஒன்பதாவது கோரிக்கை 2. அதற்காக 3 போனால் அடுத்தது 3. அதற்காக 4 போனால் அடுத்தது 4. அதற்காக 5 போனால் கடைசியாக வருவது 5. எதை வெளியே தள்ளுகிறோமோ அதையே அடுத்த நொடி கேட்கிறார்கள். நான்கோடு இந்த ஆறும் சேர்ந்து 10.

கோளாறு பிறக்கும் இடம் ஏழாவது கோரிக்கை. அது முடிந்த கையோடு நிறுத்திப் பார்த்தால், மூன்று சட்ட நினைவகத்தில் 1, 2, 5 இருக்கின்றன. நான்கு சட்ட நினைவகத்தில் 2, 3, 4, 5. சின்ன நினைவகத்தில் இருக்கும் 1 பெரிய நினைவகத்தில் இல்லை. ஃபிஃபோ ஒரு பக்கம் எப்போது உள்ளே வந்தது என்று மட்டும் பார்க்கிறது. இடையில் அதைக் கேட்டார்களா என்று பார்ப்பதே இல்லை. நான்கு சட்டத்தில் ஐந்தாவது கோரிக்கைக்கு 1 உள்ளேயே கிடைத்ததால் அதன் வயது புதுப்பிக்கப்படவில்லை. மூன்று சட்டத்திலோ வெளியே போய்த் திரும்பி வந்ததால் அது இளசாகிவிட்டது.

நெடுநாளாகத் தொடப்படாத பக்கத்தை வெளியேற்றும் எல்ஆர்யு விதியில் இது நடக்காது. ஒவ்வொரு முறை தொடும்போதும் வயது புதுப்பிக்கப்படுவதால், பெரிய நினைவகத்தில் சின்னதில் உள்ள எல்லாமும் எப்போதும் இருக்கும். இதே வரிசைக்கு எல்ஆர்யு மூன்று சட்டத்தில் 10, நான்கு சட்டத்தில் 8 ஃபால்ட் தரும். மூன்று சட்டத்தில் அது ஃபிஃபோவின் 9-ஐவிட மோசம் என்பதைக் கவனியுங்கள். எல்ஆர்யு எப்போதும் ஃபிஃபோவை வெல்லும் என்று குருட்டுப்பாடமாக எழுதும் மாணவருக்கு, அவரே போட்ட கணக்கு எதிர்சாட்சி சொல்லும்.

எதிர்காலத்தில் மிகத் தாமதமாகத் தேவைப்படும் பக்கத்தை வெளியேற்றுவதே உச்ச விதி. அதன்படி 7, 6 ஃபால்ட். இந்த வரிசையில் ஐந்து வெவ்வேறு பக்கங்கள் இருப்பதால் யாராலும் 5-க்குக் கீழே போக முடியாது. விடைத்தாளில் 4 என்று வந்திருந்தால் எங்கோ எண்ணிக்கை தப்பிவிட்டது என்று உடனே தெரிந்துகொள்ளலாம். வேலை ஒதுக்கும் கணக்குக்கும் இப்படி ஒரு சோதனை உண்டு. பிராசஸர் எங்கும் சும்மா நிற்காவிட்டால் கோட்டின் கடைசி எண் நீளங்களின் கூட்டுத்தொகையாக, இங்கே 11-ஆக இருக்க வேண்டும். எதிர்மறையில் காத்திருப்பு வந்தால், ஒரு வேலையை அது வருவதற்கு முன்பே ஓட்டிவிட்டீர்கள்.

உச்ச விதிக்கும் நீளம் தெரிய வேண்டிய விதிக்கும் தடை ஒன்றே, எதிர்காலம் தெரியாது. எல்ஆர்யுவுக்கோ வேறு தடை. ஒவ்வொரு முறை நினைவகத்தைத் தொடும்போதும் நேரத்தைக் குறித்துவைக்க வேண்டும் என்றால், குறிப்பதற்கே கணினி ஓடிக்கொண்டிருக்கும். அதனால் லினக்ஸ் போன்றவை முழு எல்ஆர்யுவைச் செய்வதில்லை. பக்கத்தைத் தொட்டால் வன்பொருள் ஒரு பிட்டை 1 ஆக்கிவிடும். ஆபரேட்டிங் சிஸ்டம் அவ்வப்போது வந்து அதைப் பார்த்து, 0 ஆக்கிவிட்டுப் போகும். அடுத்த முறை வரும்போதும் 0-வாகவே இருந்தால் அந்தப் பக்கம் வெளியேற்றப்படலாம்.