நாலு இன்ச்சை எங்கே அளப்பது?

செங்கல்பட்டுப் பக்கம் வயலாக இருந்து மனையாக மாறிய நிலங்களில், ஐப்பசி மழைக்கு முன் முடித்தாக வேண்டிய வேலை ஒன்று உண்டு. மேட்டு நிலத்திலிருந்து இறங்கி வரும் தண்ணீரை மனைக்குள் நுழையவிடாமல், எல்லையோரத்திலேயே பிடித்து வெளியேற்றும் திறந்த வடிகால் அது. அடி குறுகி, வாய் அகன்று, இரு பக்கமும் சரிந்து, உள்ளே கான்கிரீட் பூசிய வாய்க்கால். கணக்கில் இந்த வடிவத்தைச் சரிவகம் என்பார்கள்.

"நாலு இன்ச் கனம் போட்டுடலாம் சார்" என்பார் மேஸ்திரி. வீட்டுக்காரரும் தலையாட்டுவார். வேலை முடிந்தபின் பார்த்தால், பொறியாளர் கொடுத்த கணக்கில் 8 கன மீட்டர் கான்கிரீட் இருக்கும்; போட்டது 6 கன மீட்டர்தான் இருக்கும். யாரும் மூட்டையை ஒளித்து வைக்கவில்லை. இரு தரப்பும் நாலு இன்ச் என்றே அளந்தார்கள். டேப்பைப் பிடித்த திசைதான் வேறு.

இந்த 2 கன மீட்டர் எங்கே போனது என்பதை ஒரு மனையை வைத்தே பார்க்கலாம். எல்லை நீளம் 60 மீட்டர். மனை ஏறக்குறைய ஓர் ஏக்கர். மேட்டுப் பக்கத்தில் இன்னும் ஒன்றரை ஏக்கர் நிலத்தின் தண்ணீரும் இந்த எல்லைக்குத்தான் வருகிறது. மொத்தம் 1 ஹெக்டேர் என்று கொள்வோம். ஒரு மணி நேரத்துக்கு 60 மில்லிமீட்டர் என்ற வேகத்தில் மழை கொட்டி, ஒரு சொட்டுகூட மண்ணுக்குள் இறங்காவிட்டால், நொடிக்குச் சுமார் 167 லிட்டர் தண்ணீர் வந்து சேரும்.

அதற்கு ஏற்ற வடிகால் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. அடி அகலம் 30 செ.மீ., ஆழம் 30 செ.மீ., பக்கங்கள் 45 பாகைச் சரிவு. ஒரு செ.மீ. உயர்ந்தால் ஒரு செ.மீ. வெளியே விலகும் சரிவு இது. ஆகவே வாயகலம் 90 செ.மீ. ஆகிறது. 200 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும்படி வாட்டம் கொடுத்து, மேலே 5 செ.மீ. காலியாக விட்டுத் தண்ணீரை ஓடவிட்டால், நொடிக்கு 170 லிட்டர் அளவுக்குப் போகும். அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மேனிங் 1889இல் முன்வைத்த சூத்திரம்தான் இன்றும் இந்தக் கணக்குக்குக் கைகொடுக்கிறது. ஒரு நிபந்தனை உண்டு: வடிகாலின் கடைசி முனையில் தண்ணீர் விழ இடம் இருக்க வேண்டும். 2015 டிசம்பர் 1 அன்று தொடங்கிய பெருமழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பதிவானது. 24 மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 20 மில்லிமீட்டர்தான் வருகிறது. அந்தச் சராசரி வேகம் இந்தச் சின்ன வடிகாலுக்கே பெரிதல்ல. ஆனால் போய்ச் சேரும் ஏரியும் ஓடையும் நிரம்பி நின்றுவிட்டால் எந்த வடிகாலும் ஓடாது.

இனி கான்கிரீட் கணக்கு. நீளவாக்கில் வடிகாலின் குறுக்குத்தோற்றம் மாறாமல் இருந்தால், ஒரு மீட்டர் நீளத்துக்கு எவ்வளவு என்று கண்டுபிடித்தால் போதும். பிறகு நீளத்தால் பெருக்கலாம். இதைத்தான் ரன்னிங் மீட்டர் கணக்கு என்கிறார்கள். வழி எளிது. மண்ணில் வெட்டிய குழியின் பரப்பைக் கண்டுபிடித்து, தண்ணீர் ஓடும் உள்பரப்பை அதிலிருந்து கழிக்க வேண்டும். மிச்சம்தான் கான்கிரீட்.

உள்பரப்பு: மேல் அகலம் 0.90, கீழ் அகலம் 0.30. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 0.60. அதை ஆழம் 0.30 ஆல் பெருக்கினால் 0.18 சதுர மீட்டர்.

வெளிக்குழியில்தான் டேப் வழுக்குகிறது. தளத்தின் கனம் 10 செ.மீ., அதாவது மேஸ்திரியின் நாலு இன்ச். எனவே குழி ஆழம் 40 செ.மீ.; அதில் சிக்கல் இல்லை. பக்கச் சுவருக்கும் 10 செ.மீ. கனம் வேண்டும். அந்தக் கனம் சரிந்த முகத்துக்குச் செங்குத்தாக அளக்க வேண்டியது. முகமே 45 பாகை சாய்ந்திருப்பதால், செங்குத்தாக 10 செ.மீ. கிடைக்க வேண்டுமானால் படுக்கைவாட்டில் 14.1 செ.மீ. தள்ளி வெட்ட வேண்டும். வாழைக்காயை நேராக வெட்டினால் சின்ன வட்டம் வரும். சாய்த்து வெட்டினால் நீண்ட வில்லை வரும். காய் ஒன்றுதான், வெட்டிய திசை வேறு. அதே கதைதான் இங்கும்.

ஆகவே குழியின் வாயகலம் 0.90 உடன் இரு பக்கமும் 0.141 சேர்த்து 1.18 மீட்டர். 40 செ.மீ. ஆழத்தில் அடியகலம் 0.38 மீட்டர். இரண்டின் பாதி 0.78, ஆழம் 0.40 ஆல் பெருக்கினால் 0.313 சதுர மீட்டர். இதில் 0.18ஐக் கழித்தால் 0.133. ஒரு மீட்டர் நீளத்துக்கு 0.133 கன மீட்டர் கான்கிரீட். 60 மீட்டருக்கு 8 கன மீட்டர்.

இப்போது தவறான அளவைப் பார்ப்போம். குழி வெட்டுகிறவர் 90 செ.மீ. வாய்க்கு இரு பக்கமும் நூல் கட்டி, அதிலிருந்து வெளியே நாலு இன்ச் தள்ளி இன்னொரு நூல் கட்டுகிறார். பார்க்கச் சரியாகவே இருக்கும். ஆனால் குழியின் வாய் 1.10 மீட்டராகவும் அடி 0.30 மீட்டராகவும் சுருங்கிவிடுகிறது. குழிப்பரப்பு 0.28, கழித்தால் கான்கிரீட் 0.10. அறுபது மீட்டருக்கு 6 கன மீட்டர். பக்கங்களின் உண்மைக் கனம் 7 செ.மீ.தான், மூன்று இன்ச்சுக்கும் குறைவு. காணாமல் போன 2 கன மீட்டர் இதுதான்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். கான்கிரீட் விழுவதற்கு முந்தின நாள் குழியோரம் போய் நின்று, வாயகலத்தை டேப் பிடித்து அளந்தால் போதும். 118 செ.மீ. இருந்தால் சரி, 110 இருந்தால் இன்னும் வெட்ட வேண்டும். அடியில் 38 இருக்கிறதா, 30 இருக்கிறதா என்பதும் அதே கதையைச் சொல்லும். எட்டு செ.மீ. வித்தியாசம், நூலை அவிழ்த்து மாற்றிக் கட்ட அரைமணி நேரம் ஆகாது. கான்கிரீட் இறுகிய பிறகு இதே கேள்வியைக் கேட்டால் துளை போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

வேலை நடக்கும் நாளில் சிமென்ட் மூட்டைகளும் சாட்சி சொல்லும். ஒன்றுக்கு ஒன்றரை, மூன்று என்ற கலவையில் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 8 மூட்டை பிடிக்கும். மீட்டருக்கு 0.133 கன மீட்டர் என்றால், நீளத்தில் ஒரு மீட்டருக்கு ஒரு மூட்டையும் கொஞ்சமும். மூன்று மீட்டர் துண்டு ஒன்றை முடிக்கும்போது மூன்று மூட்டைக்கு மேல் காலியாகியிருக்க வேண்டும். இரண்டரை மூட்டையிலேயே முடிந்துவிட்டால் கனம் எங்கோ மெலிந்திருக்கிறது. நான்கு மூட்டை போனால் குழி தாறுமாறாக வெட்டப்பட்டுப் பள்ளங்களைக் கான்கிரீட் நிரப்புகிறது என்று பொருள். சுற்றிலும் 2 செ.மீ. கூடுதலாகத் தோண்டினாலே மீட்டருக்கு 0.03 கன மீட்டர் போய்விடும். இதனால்தான் அனுபவமுள்ள மேஸ்திரிகள் இயந்திரத்தைக் கொஞ்சம் முன்னதாகவே நிறுத்திவிட்டு, கடைசி இரண்டு இன்ச் மண்ணை மண்வெட்டியால் செதுக்கச் சொல்கிறார்கள்.

கலவையின் பதத்தையும் கவனிக்க வேண்டும். 45 பாகைச் சரிவில் பலகை அடைக்காமலே கான்கிரீட்டை ஏற்றிவிடலாம். இந்தச் சரிவைத் தேர்ந்தெடுப்பதற்கு அதுவே முக்கியக் காரணம். ஆனால் தண்ணீர் கூடிய கலவை சரிவில் நிற்காது. மெல்ல வழிந்து அடிமூலையில் பெருத்து, மேல் விளிம்பில் மெலியும். மூட்டைக் கணக்கு சரியாக இருந்தும் சுவர் மேலே இரண்டு இன்ச்சாக நிற்பது இப்படித்தான். ஈரமாக இருக்கும்போதே ஒரு கம்பியைச் சரிவுக்குச் செங்குத்தாக, மேலும் கீழும் இரண்டு இடத்தில் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ரன்னிங் மீட்டர் கணக்குக்கு ஓர் எல்லை உண்டு. நிலமும் வடிகாலின் வாட்டத்தோடு சேர்ந்தே இறங்கினால்தான் ஒரு மீட்டரின் கணக்கு எல்லா மீட்டருக்கும் பொருந்தும். வயலாக இருந்த நிலம் பெரும்பாலும் சமதரை. 60 மீட்டரில் அடி 30 செ.மீ. இறங்க வேண்டும், தரையோ இறங்குவதில்லை. ஆக, தொடங்கும் இடத்தில் 30 செ.மீ. ஆழமான வடிகால் முடியும் இடத்தில் 60 செ.மீ. ஆகிறது; வாயகலமும் 90இலிருந்து 150 செ.மீ. ஆக விரிகிறது. கான்கிரீட் 8 கன மீட்டரிலிருந்து சுமார் 10.5 ஆகிறது. மண்வெட்டு 18.8 கன மீட்டரிலிருந்து 31க்கு மேல் போகிறது. முதல் மீட்டரை மட்டும் அளந்து விலை பேசியவர் இங்கே நிச்சயம் நஷ்டப்படுவார். தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று இடத்திலாவது குறுக்கே அளந்து கணக்குப் போட வேண்டும். எல்லைக் கல்லுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே அந்த ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு இடம் இருக்கிறதா என்பதையும் வெட்டுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, பக்கம் மூன்று இன்ச் கூட இல்லாவிட்டால்தான் என்ன? தண்ணீர் ஓடத்தானே போகிறது என்று தோன்றலாம். ஆபத்து ஓடும் தண்ணீரால் அல்ல, மண்ணுக்குள் நிற்கும் தண்ணீரால் வருகிறது. அடைமழை ஓய்ந்ததும் வடிகால் சில மணி நேரத்தில் காலியாகிவிடும். சுற்றியுள்ள களிமண்ணோ தரைமட்டம் வரை ஊறியபடி பல நாள் கிடக்கும். அப்போது அந்த வெற்று வாய்க்கால் ஈரச்சேற்றில் மிதக்கப் பார்க்கும் தோணிதான். ஒரு மீட்டர் நீளம் விலக்கும் தண்ணீரின் எடை, குழிப்பரப்பின் கணக்கில் 313 கிலோ. கன மீட்டருக்கு 2400 கிலோ வீதம் 0.133 கன மீட்டர் கான்கிரீட்டின் எடை ஏறக்குறைய 320 கிலோ. மயிரிழையில் கீழே அமர்ந்திருக்கிறது. மெலிந்துபோன வடிகாலில் தண்ணீர் மேலே தள்ளுவது 280 கிலோ. கான்கிரீட்டின் எடை 240தான். பக்கத்து மண்ணின் பிடிப்பு மட்டுமே அதைத் தடுத்து வைத்திருக்கிறது. அந்தப் பிடிப்பு தளர்ந்த இடத்தில் தளம் உப்பும். அடிமூலையில் நீளவாக்கில் விரிசல் ஓடும். பக்கச் சுவர் உள்நோக்கிச் சரியும். கார்த்திகை முடிந்து நடந்து பார்க்கும்போது, நேராக இருந்த விளிம்பு ஓரிடத்தில் மட்டும் அலைபோல் தூக்கியிருந்தால் நடந்தது இதுதான்.

சரியான கனம் போட்டாலும் 7 கிலோ மிச்சத்தை நம்பி யாரும் விடுவதில்லை. பக்கச் சரிவின் கீழ்ப்பகுதியில், இரண்டு மீட்டருக்கு ஒன்றாக, இரண்டு இன்ச் பி.வி.சி. குழாய்த் துண்டுகளைப் பதித்து, மண் பக்க முனையில் வலை சுற்றிய ஒரு கை ஜல்லியை வைப்பார்கள். மண்ணுக்குள் தேங்கிய தண்ணீர் அதன் வழியே வடிகாலுக்குள் வந்துவிடும். மழை விட்டு இரண்டு நாள் கழித்து, வாய்க்கால் காய்ந்து கிடக்கும் காலையில் போய்ப் பார்த்தால், அந்தத் துளைகளுக்குக் கீழே மட்டும் கான்கிரீட் நனைந்து, ஒவ்வொன்றிலிருந்தும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்க வேண்டும். எல்லாம் உலர்ந்திருந்தால், ஒரு குச்சியை எடுத்து அடைப்பு இருக்கிறதா என்று குத்திப் பார்ப்பது நல்லது.