முதலில் வேலையைக் கேட்காதீர்கள், சொல்லைக் கேளுங்கள்

1990 ஜூனில் மயிலிட்டியை விட்டு வெளியேறிய மக்கள், 2017 ஜூலையில் துறைமுகத்தோடு 54 ஏக்கர் விடுவிக்கப்பட்ட பின்னரே அங்கு மீண்டும் கால்வைத்தார்கள். பத்து வயதில் போனவருக்கு அப்போது முப்பத்தேழு. இடம்பெயர்ந்த ஊரில் மேசன் வேலை பழகிய அவர் இனிக் கடற்றொழிலுக்குத் திரும்ப நினைத்தால் எங்கே தொடங்குவது?

கரையில் வலை திருத்துபவர்களிடம். "வேலை இருக்குதோ?" என்றால், "இல்லை" என்பதோடு கதை முடியும். "அண்ணை, இது என்ன மீனுக்கான வலை? கண் எத்தனை அங்குலம்?" என்றால் கதை நீளும். எந்த மீன் படும் என்பதை வலைக்கண்ணின் அளவே தீர்மானிக்கிறது. அங்கிருந்து சோழகம், வாடை, பங்கு என்று அடுத்த சொற்கள் வரும்.

பங்கு பற்றி இருவரிடம் தனித்தனியே கேளுங்கள். எரிபொருள், ஐஸ் செலவைக் கழித்தபின் பிரிப்பதா, முன்னரா? பதில்கள் முரண்பட்டால், உடன்பட முன்னர் தெளிவுபடுத்த வேண்டிய இடம் அதுதான்.

விடைபெறும்போது, "இதை இன்னும் ஆரிட்டைக் கேக்கலாம்?" என்று கேளுங்கள். மூன்று பேர் ஒரே பெயரைச் சொன்னால், உங்கள் வழிகாட்டி பெரும்பாலும் அவர்தான். படகோ இயந்திரமோ விற்க வருபவரை அந்த இடத்தில் வைக்காதீர்கள். கடன் எடுப்பதெல்லாம் அதற்குப் பிறகு.