மூன்று புள்ளிகளுக்குள் இருப்பது என்ன?

டெய்லர் தொடரை எழுதும்போது நான்கைந்து உறுப்புகளுக்குப் பிறகு மூன்று புள்ளி வைத்து நிறுத்திவிடுவது வழக்கம். e-யின் மதிப்பு வேண்டுமா? 1 + 1 + 1/2 + 1/6 + 1/24 என்று எழுதி, புள்ளி வைத்துவிட்டால் போதும். இந்த ஐந்தையும் கூட்டினால் 2.70833 வரும். உண்மையான மதிப்போ 2.71828. விட்டுப்போன ஒரு சதவீதத்துக்கும் குறைவான அந்தத் துண்டு புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கிறது. கணிதத்தில் அதற்கு எச்சம் என்று பெயர்.

எச்சத்தைத் தோராயமாக மட்டுமல்ல, துல்லியமாகவே ஒரு தொகையீடாக எழுதிவிடலாம். பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் பகுதித் தொகையிடலைத் தவிர வேறு கருவி எதுவும் வேண்டியதில்லை.

வேலை தொடங்கும் இடம் நுண்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம். ஒரு சார்பு a என்ற இடத்திலிருந்து x என்ற இடத்துக்குப் போவதற்குள் எவ்வளவு மாறியது என்று தெரிய வேண்டுமானால், வழியெங்கும் அதன் வகைக்கெழுவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும்:

f(x) = f(a) + ∫ₐˣ f′(t) dt

இதையே டெய்லர் வாய்ப்பாட்டின் முதல் படி என்று சொல்லலாம். தோராயம் f(a), எச்சம் அந்தத் தொகையீடு. அடுத்து அந்தத் தொகையீட்டைப் பகுதித் தொகையிடலால் உடைக்க வேண்டும். u = f′(t), dv = dt என்று எடுத்துக்கொண்டால் v என்ன? யாரும் யோசிக்காமல் v = t என்றுதான் எழுதுவார்கள். அதில் தவறில்லை. ஆனால் எல்லைகளை இட்டதும் x f′(x) − a f′(a) வருகிறது. f′(x) நமக்குத் தெரியாது. சார்பைப் பற்றி நாம் அறிந்ததெல்லாம் a என்ற இடத்தில் மட்டுமே. கேள்வியே x-இல் என்ன நடக்கிறது என்பதுதான்.

தொகையிடும்போது ஒரு மாறிலியைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று படித்திருப்போம், பிறகு அதை மறந்தும் விடுவோம். இங்கே அந்த மாறிலிக்குத்தான் வேலை. v = t என்பதற்குப் பதிலாக v = t − x, அதாவது −(x − t) என்று எடுத்துப் பாருங்கள். t மாறும்போது x அசையாமல் நிற்பதால் அதுவும் ஒரு மாறிலிதான். மேல் எல்லை t = x-இல் v பூஜ்யமாகிவிடுகிறது; தெரியாத f′(x) அதோடு போய்விடுகிறது. கீழ் எல்லையில் f′(a)(x − a) மிஞ்சுகிறது. எழுதினால்:

f(x) = f(a) + f′(a)(x − a) + ∫ₐˣ (x − t) f″(t) dt

டெய்லரின் இரண்டாவது உறுப்பு தானாகவே வந்து உட்கார்ந்துவிட்டது. மீண்டும் அதே வேலை. (x − t)-ஐத் தொகையிட்டால் −(x − t)²/2. மேல் எல்லையில் மறுபடி பூஜ்யம். கீழ் எல்லையில் f″(a)(x − a)²/2. அடுத்த முறை பகுதியில் 6, அதற்கடுத்து 24. தொடரில் வரும் காரணியப்பெருக்கங்கள் எங்கிருந்து வந்தன என்று குழம்பியவர்களுக்கு விடை இதுதான்: (x − t)-இன் அடுக்குகளை ஒவ்வொன்றாகத் தொகையிடும்போது சேர்ந்துகொண்டே போகும் வகுத்திகள் அவை. n முறை செய்தபின் நிற்கும் எச்சம்:

Rₙ = ∫ₐˣ (x − t)ⁿ/n! · f⁽ⁿ⁺¹⁾(t) dt

வழியெல்லாம் சமக்குறிதான், ஓரிடத்திலும் தோராயக்குறி வரவில்லை. கேட்கும் நிபந்தனை ஒன்றே: (n+1)-ஆவது வகைக்கெழு a-க்கும் x-க்கும் இடையில் தொடர்ச்சியாக இருக்க வேண்டும்.

v = t என்ற அந்த முதல் தேர்வுக்கும் ஒரு வரலாறு உண்டு. a = 0 என்று வைத்து அதே வழியில் போனால், எல்லா வகைக்கெழுக்களும் x-இல் எடுக்கப்பட்ட ஒரு தொடர் கிடைக்கும். அந்த வடிவத் தொடரைத்தான் யோகான் பெர்னூலி 1694-இல் வெளியிட்டார். புரூக் டெய்லரின் நூல் வந்தது 1715-இல். அதில் தொடர் இருந்தது, எச்சம் பற்றிப் பேச்சில்லை. எச்சத்துக்கு வரம்பு கட்டும் வடிவத்தை லாக்ராஞ்ச் 1797-இல் தந்தார்.

லாக்ராஞ்சின் வடிவம் ‘a-க்கும் x-க்கும் இடையில் c என்று ஏதோ ஓரிடம் உண்டு’ என்கிறது. அந்த c எங்கே என்று சொல்வதில்லை. e-க்கு n = 4 என்று வைத்தால், எச்சம் 1/120-க்கும் e/120-க்கும் நடுவில், அதாவது 0.0083-க்கும் 0.0227-க்கும் நடுவில் என்பதோடு அது நின்றுவிடும். தொகையீடு இன்னும் கொஞ்சம் பேசுகிறது. அங்கே எச்சம் ∫₀¹ (1 − t)⁴/24 · eᵗ dt. (1 − t)⁴ என்பதை எடைக்கல்லாக நினைத்துக்கொள்ளுங்கள். t = 0-இல் அதன் எடை 1; t = 0.5-இல் பதினாறில் ஒரு பங்கு; t = 1-இல் ஒன்றுமில்லை. ஆக எடை முழுவதும் தொடக்கப் பக்கமே சாய்ந்து கிடக்கிறது. அதன் ஈர்ப்பு மையம் சரியாக t = 1/6. அந்த இடத்து மதிப்பான 1.18136-ஐ 120-ஆல் வகுத்தால் 0.00984. உண்மையான எச்சம் 0.00995. இந்த 0.00984-ஐ முதல் ஐந்து உறுப்புகளின் கூட்டலோடு சேர்த்தால் 2.71818 கிடைக்கிறது, பிழை பத்தாயிரத்தில் ஒன்று அளவுக்குக் குறைந்துவிட்டது.

தொகையீட்டு வடிவம் உண்மையில் கைகொடுக்கும் இடம் மடக்கை. log(1 + x) தொடரில் x = −0.9 என்று இட்டால் log 0.1 வர வேண்டும். வருகிறது என்று நிறுவ முடியுமா? லாக்ராஞ்ச் வடிவில் c எங்கே என்று தெரியாததால், மிக மோசமான இடமான −0.9-ஐயே வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். அப்போது எச்சத்தின் வரம்பு 9ⁿ⁺¹/(n + 1). n = 50-இல் அது 47 இலக்க எண்! உறுப்பைக் கூட்டக் கூட்ட வரம்பு வீங்குகிறதே தவிரச் சுருங்குவதில்லை. தொடர் என்னவோ ஒழுங்காக log 0.1-ஐ நோக்கித்தான் போய்க்கொண்டிருக்கிறது, பழுது அளவுகோலில்.

தொகையீட்டில் t = −s என்று எழுதினால், n-ஆவது அடுக்கில் நிற்பது (0.9 − s)/(1 − s) என்ற விகிதம். பகுதி 0.1 வரை இறங்குவதுதான் அச்சத்துக்குக் காரணம். ஆனால் பகுதி இறங்கும்போதே தொகுதியும் இறங்குகிறது. s = 0-இல் விகிதம் 0.9; s = 0.5-இல் 0.8; s = 0.8-இல் 0.5; s = 0.9-இல் பூஜ்யம். ஒருபோதும் 0.9-ஐத் தாண்டாது. எனவே எச்சம் (0.9)ⁿ × 2.303-க்குள் அடங்கிவிடும். 50 உறுப்புக்கு அது 0.012. உறுப்புகளை இன்னும் கூட்டினால் பூஜ்யத்தை நோக்கிப் போகும். நிரூபணம் முடிந்தது.

எல்லாச் சார்பும் இப்படிப் பணிந்துவிடாது. 1820-களில் கோஷி காட்டிய ஒரு சார்பு, x = 0-இல் மதிப்பு பூஜ்யம், மற்ற இடங்களில் e^(−1/x²). பூஜ்யத்தில் இதன் எல்லா வகைக்கெழுக்களும் பூஜ்யம். ஆகவே டெய்லர் உறுப்புகள் அத்தனையும் பூஜ்யம். தொடர் எந்தத் தகராறும் இல்லாமல் ஒருங்குகிறது, ஆனால் தவறான விடைக்கு. தொடரை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. எச்சத்தைப் பார்த்தால்தான் பிடிபடும். x = 1-இல் அந்த எச்சம் 0.3679. பத்து உறுப்பு எழுதினாலும், ஆயிரம் உறுப்பு எழுதினாலும், அதே 0.3679.