காற்றின் பெயரில் ஒரு யோக இல்லம்

தரங்கம்பாடியில் ஒருவர் பழைய ஓட்டு வீடு ஒன்றை வாங்கி, பத்துப் பேர் தங்கி யோகமும் தியானமும் பழகும் இடமாக மாற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பாய் வாங்கியாயிற்று, சமையலுக்கு ஆள் கிடைத்தாயிற்று. வாசலில் மாட்ட வேண்டிய பலகைதான் இன்னும் காலியாக இருக்கிறது.

முதலில் மனதில் வருபவை எல்லாருக்கும் ஒன்றுதான்: சாந்தி, ஆனந்தம், நிர்வாணா, ஓம். இவற்றில் பழமை குற்றமல்ல. கொடுக்க முடியாததை வாக்களிப்பதுதான் குற்றம். தங்க வருபவருக்கு முதல் இரண்டு நாளும் முழங்கால் வலியும், கண்ணை மூடினால் வீட்டுக் கடன் நினைவும்தான். பேரானந்தம் என்று பெயர் வைத்துவிட்டால், ‘பேரானந்தத்தில் காலையிலிருந்து தண்ணீர் வரவில்லை’ என்று யாராவது சொல்லும் நாளில் பெயரே கேலியாகிவிடும். எந்தப் பெயரையும் இப்படி ஒரு புகார் வாக்கியத்தில் வைத்துப் பார்ப்பது நல்ல சோதனை. சட்டமும் குறுக்கே நிற்கும். 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி, சேவையின் தன்மையை மட்டுமே சொல்லும் சொல்லையோ, ஊர்ப்பெயரை மட்டுமோ தனக்கே உரியதாகப் பதிவது கடினம்.

முன்னோடிகள் சிலர் இதில் நிதானமாகவே நடந்திருக்கிறார்கள். 1960களில் முங்கேரில் சத்தியானந்த சரஸ்வதி தொடங்கிய இடத்துக்கு ‘பீகார் யோகப் பள்ளி’ என்று பெயர். பள்ளி என்றால் போய்ப் படிக்க வேண்டும், அவ்வளவுதான் வாக்குறுதி. கோயங்கா வழி விபாசனா மையங்களோ ‘தம்ம’ என்ற பாலிச் சொல்லோடு இன்னொரு சொல்லைச் சேர்த்துக்கொள்கின்றன. இகத்புரியில் இருப்பது தம்மகிரி, சென்னையில் இருப்பது தம்மசேது. மலையும் பாலமும் கண்ணுக்குத் தெரிகிற பொருள்கள். பெயர் எதையாவது சுட்ட வேண்டும் என்றால், அது அந்த இடத்தில் இருக்கிற ஒன்றாக இருப்பது நல்லது.

தரங்கம்பாடியில் இருப்பது கடல். தரங்கம் என்றாலே அலைதான். ‘பாடி’ என்பது வாணியம்பாடியில் வருவதுபோல ஊரைக் குறிப்பது; மாசிலாமணிநாதர் கோயில் கல்வெட்டு இந்த ஊரைச் சடங்கன்பாடி என்கிறது. ஆனாலும் சுற்றுலாக் கையேடுகளுக்கு இது ‘அலைகள் பாடும் ஊர்’ஆகவே இருந்துவருகிறது. ஆகவே ‘அலை’ என்று வைக்கலாமே என்று தோன்றும். வைக்கக்கூடாது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை உயிர்களைக் கொண்டுபோன கரை இது. வெளியூர்க்காரருக்கு அலை என்பது அமைதி. பக்கத்துத் தெருவில் மகளை இழந்தவருக்கு அப்படி இல்லை. பலகையைத் தினமும் பார்க்கப்போகிறவர் அவர்தான்.

‘திண்ணை’ அழகான சொல். வழிப்போக்கர் உட்கார்ந்து இளைப்பாறிய இடம். ஆனால் ‘திண்ணைப் பேச்சு’ என்றும் தமிழில் ஒன்று இருக்கிறதே. மௌனம் பழகும் இடத்துக்கு அது ஒத்துவராது. ‘நிழல்’ பொருளில் குறையில்லாதது. ஆனால் ஆங்கில எழுத்தில் எழுதினால் ழகரத்துக்கு ஆளுக்கொரு வழி, தேடுபவர் வேறெங்கோ போய் நிற்பார். ‘தென்றல்’ என்ற சொல்லைத் திருமண மண்டபங்களும் மின்விசிறிகளும் தேய்த்துவிட்டன.

தென்றலின் உடன்பிறப்புகளில்தான் இன்னும் தேயாத ஒன்று இருக்கிறது. தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வாடை, மேற்கிலிருந்து கோடை, கிழக்கிலிருந்து கொண்டல். கிழக்கே கடல் இருக்கும் இந்த ஊரில், தரை சூடேறியபின் கடலிலிருந்து ஏறிவரும் காற்று அதே திசைக் காற்றுதான். மீனவர் பேச்சில் இன்றும் இருக்கிற சொல். மழைமேகத்துக்கும் கொண்டல் என்ற பெயர் உண்டு.

இனிச் சோதனைகள். ஆட்டோக்காரரிடம் தொலைபேசியில் ஒருமுறை சொன்னால் புரிகிறது. ஆங்கிலத்தில் ஆறே எழுத்து, Kondal. ‘கொண்டலில் தண்ணீர் வரவில்லை’ என்றால் தண்ணீர்தான் பிரச்சினை, பெயர் அல்ல. வடக்கேயிருந்து வரும் சிலர் குண்டலினியோடு குழப்பிக்கொள்ளக்கூடும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையத் தேடலில், பயிற்சிக்கான 41ஆம் வகுப்பிலும் தங்குமிடத்துக்கான 43ஆம் வகுப்பிலும் ஏற்கெனவே யாராவது எடுத்திருக்கிறார்களா என்று பார்த்துவிட வேண்டும். எடுத்திருந்தால் மறுபடியும் முதலிலிருந்துதான்.

பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் ‘யோகப் பயிலகம், தரங்கம்பாடி’ என்றால் போதும். ஆசிரமம் வேண்டாம், அந்தச் சொல்லைப் பார்த்தவர்கள் ‘சாமி எங்கே?’ என்று கேட்பார்கள்.

ஒன்று மட்டும் முன்பதிவு செய்பவரிடம் சொல்லிவிட வேண்டும். விடியற்காலை வகுப்பில் கொண்டல் இருக்காது; அந்த நேரத்துக் காற்று பெரும்பாலும் கரையிலிருந்து கடலுக்குப் போவது. ஜூனில் மேல்காற்று பலமாக இருக்கும் நாட்களில் கடற்காற்று பிற்பகலில்தான் உள்ளே வரும், சில நாள் வரவே வராது.