திருடு போனது எத்தனை மணிக்கு?

“என் இன்ஸ்டாகிராம் கணக்கை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள். மிகுந்த மன உளைச்சலில் இருக்கிறேன். உடனே மீட்டுத் தர வேண்டுகிறேன்.” கணக்கைப் பறிகொடுத்த பலரும் புகார் மனுவை இப்படித்தான் எழுதுகிறோம். ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனால் இந்த மூன்று வரியை வைத்துக்கொண்டு ஆய்வாளரால் யாருக்கும் ஒரு கடிதம்கூட அனுப்ப முடியாது.

அவர் அனுப்ப வேண்டியவை முக்கியமாக இரண்டு கடிதங்கள். முதலாவது, இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா நிறுவனத்துக்கு: இந்தக் கணக்கில் இந்த நேரத்தில் எந்த ஐபி முகவரியிலிருந்து நுழைந்தார்கள்? பதில் வந்ததும் இரண்டாவது, இணையச் சேவை தரும் நிறுவனத்துக்கு: அந்த ஐபி முகவரி அந்த நொடியில் யாருடைய இணைப்பில் இருந்தது? முதல் கடிதத்துக்கு எந்தக் கணக்கு என்பது துல்லியமாகத் தெரிய வேண்டும். இரண்டாவதுக்கு நேரம் தெரிய வேண்டும். மனு தயாரிப்பது என்றால் இந்த இரண்டையும் தேடி எடுத்து எழுதுவதுதான்.

ஈரோட்டில் வீட்டிலிருந்தே புடவை விற்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். ஜூன் 12 இரவு அவருக்கு ஒரு செய்தி வருகிறது: “உங்கள் படங்கள் காப்புரிமையை மீறுகின்றன. 24 மணி நேரத்துக்குள் விளக்கம் தராவிட்டால் கணக்கு முடக்கப்படும்.” பதறிப்போய் அதிலிருந்த லிங்கைத் தொட்டு, பாஸ்வேர்டையும் பிறகு வந்த ஓடிபியையும் போட்டுவிடுகிறார். சற்று நேரத்தில் கணக்கிலிருந்து வெளியே தள்ளப்படுகிறார். மறுநாள் காலை கணக்கின் பெயரே மாறிவிட்டது. ‘பணம் இரட்டிப்பாகிறது’ என்று அவர் முகத்தோடு ஸ்டோரி ஓடுகிறது. அதை நம்பி ஒரு பழைய வாடிக்கையாளர் யுபிஐ வழியாக 12,000 ரூபாய் அனுப்பிவிட்டார்.

இவரிடம் அதிகாரி கேட்கும் முதல் கேள்வி, “எந்தக் கணக்கம்மா?” பழைய பெயரைச் சொன்னால் போதாது. பெயர் மாறினால் ப்ரொஃபைல் லிங்கும் மாறிவிடும். பழைய லிங்க் இப்போது வெறும் பக்கத்தைக் காட்டலாம், வேறொருவர் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டும் இருக்கலாம். ஆனால் அவர் முன்பு போட்ட ஒரு புடவைப் படத்தின் லிங்க், அதாவது instagram.com/p/ என்று தொடங்கும் முகவரி, அந்தப் படம் நீக்கப்படாதவரை மாறாது. வாடிக்கையாளர்களுக்கு எப்போதோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய அப்படியொரு லிங்க் கிடைத்தால் அது பெரிய உதவி. தோழி ஒருத்தியின் போனில் பழைய இன்பாக்ஸ் உரையாடலைத் திறந்தாலும், அதே கணக்கு புதுப் பெயரோடு நிற்பதைப் பார்க்கலாம். பழைய பெயர், இன்றைய பெயர், ஒரு பதிவின் லிங்க், கணக்கு தொடங்கியபோது கொடுத்த மின்னஞ்சல், செல்பேசி எண் இவ்வளவும் மனுவில் இருக்கட்டும். கணக்கு இவருடையதுதான் என்பதற்கு, விளம்பரம் செய்யப் பணம் கட்டிய ரசீது இருந்தால் அதையும் இணைக்கலாம்.

அடுத்த கேள்வி நேரம். பலர் “ராத்திரி ஒரு பத்து, பத்தரை இருக்கும்” என்பார்கள். செல்பேசி நிறுவனங்கள் ஒரே ஐபி முகவரியை ஒரே சமயத்தில் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. அரைமணி நேரத்தை அடைப்புக்குள் வைத்துக் கேட்டால் சம்பந்தமே இல்லாத பலரின் விவரம் வந்து சேரும். துல்லியமான நேரம் ஓரிடத்தில் இருக்கிறது. மின்னஞ்சலோ பாஸ்வேர்டோ மாற்றப்பட்டதும் security@mail.instagram.com என்ற முகவரியிலிருந்து பழைய மின்னஞ்சலுக்கு ஒரு தகவல் வரும். மாற்றத்தைத் திரும்பப் பெறும் வழியும் அதில் இருக்கும். முதலில் அதை முயன்று பாருங்கள். கணக்கை மீட்பது நிறுவனத்தின் வழியாக நடப்பது, instagram.com/hacked பக்கமும் அதற்காகவே இருக்கிறது. காவல்துறை கணக்கைத் திறந்து கையில் கொடுக்காது, குற்றவாளியைத்தான் தேடும்.

அந்த மின்னஞ்சல்களில் காட்டும் நேரம் நம் நேரமாக இருக்க வேண்டியதில்லை. இவருக்கு வந்ததில் 9:41 AM (PDT) என்று இருந்தால், அது அமெரிக்கப் பசிபிக் கோடைக்கால நேரம். நம் கடிகாரத்தில் இரவு 10:11. காலை 9:41 என்று எழுதிவிட்டால் விசாரணை பன்னிரண்டரை மணி நேரம் தள்ளிப் போய் நிற்கும். எனவே திரையில் உள்ளதை அப்படியே எழுதி, பக்கத்தில் இந்திய நேரத்தையும் எழுதுவதே சரி.

அந்த மின்னஞ்சலை வேறொருவருக்கு ஃபார்வர்டு செய்து, அதை அச்செடுத்துக் கொண்டுபோவதில் பயனில்லை. கடிதம் எந்த வழியாக வந்தது என்ற குறிப்புகள் அதன் தலைப்பகுதியில் மறைந்திருக்கின்றன. ஃபார்வர்டு செய்தால் அவை போய்விடும். ஜிமெயிலைக் கணினியில் திறந்து, மூன்று புள்ளியைத் தொட்டு, Show original என்பதற்குள் போனால் முழுக் கடிதத்தையும் கோப்பாக இறக்கலாம். ஏமாற்றுச் செய்தி வந்த லிங்கையும் எழுத்து மாறாமல் நகலெடுக்க வேண்டும், மறுபடி தொட்டுத் திறக்கக் கூடாது. ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது அனுப்பியவர் பெயரும் தேதியும் தெரியட்டும். அழகாக வெட்டிய படத்தில் போவது பெரும்பாலும் அந்த இரண்டும்தான். அவமானத்தில் அந்தச் செய்திகளை அழித்துவிடுகிறவர்களும், போனையே ரீசெட் செய்துவிடுகிறவர்களும் உண்டு. அந்தப் பதற்றம் புரிகிறது, ஆனால் அழிவது சாட்சியம்.

இனி மனுவின் நடு வரிகள்: “12ஆம் தேதி இரவு 9:58க்கு இந்தச் செய்தி எனக்கு வந்தது. 10:05 அளவில் அதிலிருந்த லிங்கில் என் பாஸ்வேர்டையும் ஓடிபியையும் பதிவிட்டேன். 10:11க்கு என் மின்னஞ்சல் முகவரி மாற்றப்பட்டதாகத் தகவல் வந்தது. 13ஆம் தேதி காலை 7 மணிக்குக் கணக்கின் பெயர் மாறியிருப்பதைக் கண்டேன். அதன்பின் அதில் வந்த எந்தப் பதிவும் என்னுடையதல்ல.” ஓடிபி கொடுத்ததை மறைக்க வேண்டாம். ஏமாந்தது குற்றமில்லை, மறைத்தால் விசாரணை வேறு திசையில் போகும். கடைசி வாக்கியம் மிக முக்கியம். நாளை யாராவது இவர் மேலேயே மோசடிப் புகார் கொடுத்தால் இந்த மனுவே இவருக்குத் துணை.

அந்த 12,000 ரூபாய்க்கான புகாரைப் பணம் அனுப்பிய வாடிக்கையாளர்தான் தர வேண்டும். அவர் மனு எழுதக் காத்திருக்காமல் உடனே 1930க்கு அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் முடக்க முடிந்தால்தான் மீளும். அங்கே அவருடைய வங்கி, தொகை, நேரம், பணம் போன யுபிஐ முகவரி, 12 இலக்க யுடிஆர் எண் ஆகியவற்றைக் கேட்பார்கள்.

புடவைக்காரப் பெண் cybercrime.gov.in தளத்தில் பதியலாம். சம்பவ விவரம் குறைந்தது 200 எழுத்து இருக்க வேண்டும். @, # போன்ற குறிகளை அந்தக் கட்டம் ஏற்காது. ஆகவே லிங்குகளையும் மின்னஞ்சல் முகவரிகளையும் தனித்தாளில் எழுதி இணைப்பது நல்லது. பதிந்ததும் வரும் ஒப்புகை எண்ணைக் குறித்துக்கொண்டு, மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்துக்கு மனுவோடும் அடையாள அட்டை நகலோடும் நேரில் போகலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டக் குற்றங்களை ஆய்வாளர் பதவிக்குக் குறையாதவரே விசாரிக்க முடியும் என்பது சட்டம். அங்கே முதலில் கையில் கிடைப்பது பெரும்பாலும் சி.எஸ்.ஆர். ரசீது, அது எஃப்.ஐ.ஆர். ஆகாது. பிறர் பாஸ்வேர்டைத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்துவது அச்சட்டத்தின் 66C பிரிவில் வருகிறது, மூன்றாண்டு வரை சிறை உண்டு. இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எஃப்.ஐ.ஆர். பதியக் கேட்கலாம், பதிந்தால் அதன் நகல் இலவசம்.

பாஸ்வேர்டையோ ஓடிபியையோ காவல்துறையின் பெயரைச் சொல்லி யார் கேட்டாலும் தர வேண்டாம். ஆனால் செய்தி வந்த போனைக் கேட்பார்கள். படங்களின் அச்சுப் பிரதி நீதிமன்றத்தில் ஏற்கப்பட, அவை எந்தக் கருவியிலிருந்து எடுக்கப்பட்டன என்று பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவில் ஒரு சான்றிதழும் தேவைப்படும். வழக்கு முடியும்வரை அந்தப் பழைய போனை விற்காமல், எக்ஸ்சேஞ்சில் கொடுக்காமல் வைத்திருங்கள்.